மக்கபேயர் கிளர்ச்சியும் தலைமைக் குருத்துவமும்

எருசலேம் கோவிலின் தலைமைக் குரு பதவி, நெடுங்காலமாக ஒரே குருமரபினர் வழிவழியாக வகித்துவந்த பதவியாகும். யூதேயா, கிரேக்கப் பண்பாட்டைப் போற்றிய செலூக்கியப் பேரரசின் ஆட்சிக்கு உட்பட்டிருந்தபோது இம்மரபு குலைந்தது. கி.மு. 175இல் அரியணை ஏறிய நான்காம் அந்தியோக்கு, பெரும்பொருள் தருவதாகக் கூறிய யாசோனுக்கு அப்பதவியை அளித்தான். சில ஆண்டுகளில், அவனினும் மிகுதியாகத் தர முன்வந்த மெனலாவுக்கு அதனை மாற்றினான்.

கி.மு. 167இல் யூதரின் கோவில் வழிபாட்டை அரசன் தடைசெய்தான். ஓய்வுநாளைக் கடைப்பிடிப்பதும் குற்றமாயிற்று. கோவில் கிரேக்கக் கடவுளான சீயசுக்கு உரியதாக்கப்பட்டது. மோதயின் என்னும் சிற்றூரில், வேற்றுக் கடவுளுக்குப் பலியிட வற்புறுத்திய அரச அலுவலனை மத்தத்தியா என்னும் முதிய குரு கொன்று, தம் ஐந்து மைந்தருடன் மலைக்குச் சென்றார் என முதல் மக்கபேயர் நூல் கூறுகிறது. அவர்தம் மகன் யூதா மக்கபே, கி.மு. 164இல் கோவிலைத் தூய்மை செய்து மீண்டும் அர்ப்பணித்தார். அனுக்கா விழா அந்நிகழ்வின் நினைவாகும்.

வழிபாடு மீண்டது, பழைய குருமரபு மீளவில்லை. செலூக்கிய அரியணைக்குப் போட்டியிட்ட அலெக்சாந்தர் பாலா, யூதாவின் தம்பி யோனத்தானின் படைத்துணையை நாடி, கி.மு. 152இல் அவரைத் தலைமைக் குருவாக்கினான். யோனத்தான் குருகுலத்தவரே, எனினும் தலைமைக் குருக்களின் பழைய மரபினர் அல்லர். அயல்மன்னனின் தலையீட்டை எதிர்த்தெழுந்த குடும்பம், அயல்மன்னன் ஒருவனின் கையாலேயே அப்பதவியைப் பெற்றது. கி.மு. 140இல் யோனத்தானின் தமையன் சீமோனை மக்கள் பேரவை அப்பதவியில் உறுதிப்படுத்தியது. நம்பத்தக்க இறைவாக்கினர் ஒருவர் தோன்றும்வரை என்னும் வரையறை அம்முடிவில் இடம்பெற்றது. பழைய மரபின் உரிமை மக்கள் உள்ளத்திலிருந்து முற்றும் மறையவில்லை என்பதை அவ்வரையறை உணர்த்துகிறது.