திரும்பிப் போன 41 பேர்

"நாட்டு நலப்பணித் திட்டத் தன்னார்வலர், 2022–24." வேலை தேடும் பல பட்டதாரிகளின் ரெஸ்யூமேயில், கடைசிப் பக்கத்தின் அடியில், பொழுதுபோக்குகளுக்குப் பக்கத்தில் இப்படி ஒரு வரி இருக்கும். சிலர் '240 மணி நேரச் சேவை' என்றும் சேர்ப்பார்கள். ஆண்டுக்கு 120 மணி வீதம் இரண்டு ஆண்டுகள் என்பது அந்தத் திட்டத்தில் எல்லோருக்கும் பொதுவான கணக்கு. அதைப் படிப்பவருக்கு இந்த மாணவர் என்ன செய்தார் என்பது தெரியாது.

ஒரு மாணவி தன் கல்லூரியில் ரத்ததான முகாமை இரண்டு ஆண்டுகள் ஒருங்கிணைத்தார் என்று வைத்துக்கொள்வோம். முதல் ஆண்டு பெயர் கொடுத்தவர்கள் 150 பேர். ரத்தம் கொடுக்க முடியாமல் திரும்பியவர்கள் 41 பேர். பதிவேட்டைப் புரட்டினால் காரணம் தெரிகிறது. பலருக்கு எடை 45 கிலோவுக்குக் கீழே. சிலர் போன மாதம்தான் வேறொரு முகாமில் கொடுத்திருக்கிறார்கள். மறு ஆண்டு பதிவுப் படிவத்திலேயே எடை, கடைசியாக ரத்தம் கொடுத்த தேதி என இரண்டு கேள்விகளைச் சேர்த்தார். 160 பேர் வந்தார்கள், 18 பேர்தான் திரும்பினார்கள். ரெஸ்யூமேக்கு உரிய சரக்கு இதுதான்.

'முகாம் நடத்த உதவினேன்' என்ற வரி இப்போது இப்படி மாறும்: "கல்லூரி ரத்ததான முகாமின் மாணவர் ஒருங்கிணைப்பாளர். 20 தன்னார்வலர்களுக்குப் பணி பிரித்துக் கொடுத்தேன். பதிவுப் படிவத்தை மாற்றியமைத்தேன். தகுதியின்றித் திரும்பியோர் எண்ணிக்கை 150-க்கு 41 என்பதிலிருந்து 160-க்கு 18 ஆகக் குறைந்தது." பொறுப்பு, செய்த மாற்றம், விளைவு மூன்றும் இதில் உண்டு. மருத்துவமனை நிர்வாகமோ வங்கியோ, எந்த வேலையாக இருந்தாலும் அவர்களுக்குப் புரியும் மொழி இது.

ஆசை மிஞ்சும் இடமும் ஒன்று உண்டு. ஒரு யூனிட் ரத்தத்தைச் சிவப்பணு, பிளாஸ்மா, தட்டணு எனப் பிரிக்கலாம் என்பதால் 'ஒரு யூனிட், மூன்று உயிர்' என்று சுவரொட்டியில் போடுவார்கள். அதை நம்பி "142 யூனிட், 426 உயிர்களைக் காப்பாற்றினேன்" என்று எழுதினால், நேர்காணலில் முதல் கேள்வியிலேயே மாட்டிக்கொள்ள நேரும். ரத்தம் எடுத்தது ரத்த வங்கி. தகுதி பார்த்தது மருத்துவர். மாணவிக்குச் சொந்தமானது அந்தப் படிவமும் ஆள் ஏற்பாடும் மட்டுமே. பத்துப் பேர் சேர்ந்து செய்த வேலையென்றால் அதில் தன் பங்கை மட்டும் எழுதுவதே சரி. 'திட்ட மேலாளர்' என்று தனக்குத்தானே பதவி சூட்டிக்கொள்வதும் வேண்டாம்.

இந்த எண்களை நினைவிலிருந்து எழுதக் கூடாது. ரத்த வங்கி தரும் கடிதத்தில் யூனிட் கணக்கு இருக்கும். பதிவேடு திட்ட அலுவலரிடம் இருக்கும். கல்லூரியை விட்டுப் போகும் முன்பே இரண்டிலும் ஒரு நகல் கேட்டு வாங்கி வையுங்கள்.