ஆறிப்போன விலை

1980களின் லாஸ் வேகாஸில் பந்தயக் கடை நடத்தியவர்கள் பயந்த ஒரு தருணம் உண்டு. அமெரிக்கக் கல்லூரி ஃபுட்பால் ஆட்டங்களுக்கு விலை போட்டு வைத்துவிட்டுக் காத்திருப்பார்கள். திடீரென்று கடையில் உள்ள தொலைபேசிகள் எல்லாம் ஒன்றாக அடிக்கும். எல்லா அழைப்பிலும் ஒரே அணியின் பெயர்தான். அதே நிமிடத்தில் பக்கத்து ஊரிலும், பல மைல் தள்ளி இன்னொரு மாநிலத்திலும் அதே அணியின் மேல் பணம் விழுந்துகொண்டிருக்கும். சில நிமிடங்களில் நாடு முழுக்க அந்த ஆட்டத்தின் விலை மாறிவிடும். காரணம் கேட்டால் யாருக்கும் தெரியாது. இப்படி ஒரே நேரத்தில், ஒரே பக்கம், பல கடைகளில் விலை பாய்வதற்குத் தொழில்காரர்கள் வைத்த பெயர் ‘ஸ்டீம்’.

அன்றைய ஸ்டீமில் கணிசமான பங்கு ‘கம்ப்யூட்டர் குரூப்’ என்ற கூட்டத்துடையது. மைக்கேல் கென்ட் என்ற கணிதக்காரர் கணினியில் ஆட்டங்களை அலசி ‘சரியான விலை இது’ என்று சொல்வார். பில்லி வால்டர்ஸ் அந்தக் கணக்கைப் பணமாக்குவார். ஒரு கடையில் மொத்தமாகக் கட்டினால் அந்தக் கடைக்காரர் உடனே விலையை மாற்றிவிடுவார், அடுத்த கடைக்கும் செய்தி போய்விடும். அதனால் ஊருக்கு ஊர் ஆள் வைத்து, எல்லாரும் ஒரே நிமிடத்தில் கட்டும்படி ஏற்பாடு. 1985 ஜனவரியில் எஃப்.பி.ஐ. இவர்கள் மேல் சோதனை நடத்தியது. வழக்கு இழுத்து, 1992இல் வால்டர்ஸ் விடுதலையானார். ஆனால் இந்தக் கட்டுரை அந்தக் கூட்டத்தைப் பற்றியது அல்ல. அந்த நிமிடத்தில் தொலைபேசி அடிக்காத ஒரு கடையைப் பற்றியது. ஊரெல்லாம் விலை மாறிய பிறகும் அந்தக் கடையின் பலகையில் பழைய எண்ணே தொங்கிக்கொண்டிருக்கும். ஆவி பறந்து முடிந்தபின் ஆறிக் கிடக்கும் விலை அது.

இன்றைக்குத் தொலைபேசி இல்லை, திரைதான். மற்றபடி அமைப்பு அதிகம் மாறவில்லை. பந்தயச் சந்தையில் இரண்டு வகை புக்மேக்கர்கள் இருக்கிறார்கள். பினாக்கிள் போன்ற சில நிறுவனங்கள் குறைந்த லாபத்தில் பெரிய தொகைகளை வாங்கும், ஜெயிப்பவர்களையும் விரட்டாது. விவரம் தெரிந்தவர்கள் அங்கேதான் கட்டுவார்கள் என்பதால், அந்த விலையில் அவர்களுடைய அறிவு கலந்துவிடுகிறது. மற்ற பெரும்பாலான நிறுவனங்கள் பொழுதுபோக்காகக் கட்டும் வாடிக்கையாளர்களை நம்பி நடப்பவை. அவற்றின் விலை பெரும்பாலும் சொந்த ஆராய்ச்சியில் பிறப்பதில்லை. வெளியிலிருந்து வாங்கும் தரவிலோ, முன்னணிச் சந்தையைப் பார்த்துப் போட்டுக்கொள்வதிலோ பிறக்கிறது. அந்தத் தரவு தாமதமாக வந்தாலும், சின்ன ஆட்டம் என்று யாரும் கவனிக்காமல் விட்டாலும் விலை நின்றுபோகும். விம்பிள்டன் இறுதி ஆட்டத்தில் இது அநேகமாக நடக்காது. செவ்வாய்க்கிழமை மதியம் ஏதோ ஒரு சிறு நகரத்தில் நடக்கும் டென்னிஸ் முதல் சுற்றில் நடக்கும்.

அப்படி ஓர் ஆட்டத்தைக் கற்பனை செய்துகொள்வோம். இரண்டு வீரர்கள், அ என்றும் ஆ என்றும் வைப்போம். முன்னணிச் சந்தையில் அ ஜெயிக்க விலை 2.10, ஆ ஜெயிக்க 1.80. நூறு ரூபாய் கட்டி அ ஜெயித்தால் 210 ரூபாய் கைக்கு வரும் என்று பொருள். இந்த விலைக்குள் இருக்கும் வாய்ப்பை எடுப்பது எளிது: ஒன்றை விலையால் வகுக்க வேண்டும். அ-வுக்கு 47.6 சதவீதம், ஆ-வுக்கு 55.6 சதவீதம். கூட்டினால் 103.2 வருகிறது, நூறுக்கு மேல் இருப்பது கடைக்காரரின் பங்கு. அதைக் கழிக்க ஒவ்வொன்றையும் 103.2ஆல் வகுத்து நூறால் பெருக்கினால், அ-வின் உண்மையான வாய்ப்பாகச் சந்தை நினைப்பது ஏறத்தாழ 46.2 சதவீதம்.

இதே நேரத்தில் நம் சிறிய கடையில் அ 2.05, ஆ 1.75 என்று இருக்கிறது. 46.2 சதவீத வாய்ப்புக்கு 2.05 விலையில் நூறு ரூபாய் கட்டினால் சராசரியாகத் திரும்புவது 94 ரூபாய் 60 காசு. மோசமான பேரம், யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள்.

இப்போது ஸ்டீம் அடிக்கிறது. முன்னணிச் சந்தையில் அ 1.85க்கு இறங்குகிறது, ஆ 2.04க்கு ஏறுகிறது. பழைய கணக்கையே போட்டால் அ-வின் வாய்ப்பு 52.4 சதவீதம். சிறிய கடையில் ஒன்றும் அசையவில்லை; இன்னும் 2.05தான். ஆனால் அதே நூறு ரூபாய் இப்போது சராசரியாக 107 ரூபாய் 50 காசாகத் திரும்பும். கடைக்காரர் எதுவும் செய்யவில்லை. நின்ற இடத்தில் நின்றபடியே ஒரு மோசமான பேரம் நல்ல பேரமாகிவிட்டது. டென்னிஸ் பற்றி ஒன்றுமே தெரியாதவர்கூட இதைக் கண்டுபிடித்துவிடலாம் என்பதுதான் இதன் விசித்திரம்.

ஆனால் இங்கேயே பலர் வழுக்குகிறார்கள். வேறொரு கடையில் அ 1.90 என்று இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். முன்னணி விலையான 1.85ஐ விட அதிகம்தான். ஆனால் 52.4 சதவீத வாய்ப்புக்கு நியாய விலை சுமார் 1.91. ஆகவே 1.90இல் நூறு கட்டினால் 99 ரூபாய் 60 காசுதான் திரும்பும். ஒப்பிட வேண்டியது முன்னணிக் கடையின் விலையோடு அல்ல. அதிலிருந்து கடைப் பங்கைக் கழித்தபின் வரும் விலையோடு. ஸ்டீம் அடித்ததைப் பார்த்துவிட்டுப் பரபரப்பில் 1.85க்கே வாங்குபவர்களும் இருக்கிறார்கள். அவர்களுக்கு நூறுக்கு 97தான். ஓடிப்போன பேருந்துக்கு டிக்கெட் எடுத்த கதை.

சரி, 2.05ஐப் பார்த்துவிட்டோம். அது உண்மையில் பின்தங்கிய விலைதானா? முதலில் சந்தேகிக்க வேண்டியது நம் திரையை. பல கடைகளின் விலையை ஒரே இடத்தில் காட்டும் பக்கங்கள் சில நொடிகளோ, சில சமயம் நிமிடங்களோ பிந்தி இருக்கும். கடைக்காரர் எப்போதோ மாற்றியிருப்பார், ஒப்பீட்டுப் பக்கம்தான் பழையதைக் காட்டிக்கொண்டிருக்கும். அந்தக் கடையிலேயே பந்தயச் சீட்டைத் திறந்தால் ‘விலை மாறிவிட்டது, ஏற்கிறீர்களா’ என்று கேட்கும். அங்கேயே விஷயம் முடிந்தது.

அடுத்து, எதிர்ப்பக்க விலையைப் பார்க்க வேண்டும். அ 2.05, ஆ 1.75 என இரண்டு எண்ணும் ஸ்டீமுக்கு முன்பு இருந்தபடியே இருந்தால், அங்கே யாரும் விழித்திருக்கவில்லை என்று நினைக்கலாம். மாறாக, எல்லாரும் 1.85க்குப் போனபோது இந்தக் கடை 1.98க்கு மட்டும் இறங்கி, ஆ-வின் விலையையும் கொஞ்சம் நகர்த்தியிருந்தால், அங்கே ஆள் இருக்கிறார். பார்த்துத்தான் அந்த இடத்தில் நிறுத்தியிருக்கிறார். ஆ உள்ளூர் நாயகனாக இருந்து அவன் மேல் பணம் குவிந்திருக்கலாம். எதிர்ப்பக்கம் ஆள் பிடிக்க அ-வின் விலையைத் தூக்கிப் பிடித்திருக்கலாம். அதுவும் வாங்குபவருக்கு லாபமாக அமையக்கூடும். ஆனால் அது மறதி அல்ல, முடிவு.

மூன்றாவது பொறி எனக்கு மிகவும் சுவாரசியமானது, ஏனென்றால் அனுபவசாலிகளும் விழும் பொறி. ஆ-வுக்குக் கணுக்காலில் வலி என்ற பேச்சால் ஸ்டீம் அடித்திருக்கிறது என்று வைப்போம். டென்னிஸில் ஒரு வீரர் பாதியில் விலகினால் பந்தயத்தை என்ன செய்வது என்பதில் கடைக்குக் கடை விதி வேறு. சிலர் ஒரு செட் முடிந்திருந்தால் பந்தயம் செல்லும் என்பார்கள். சிலர் ஆட்டம் முழுதாக முடியாவிட்டால் பணத்தைத் திருப்பித் தந்துவிடுவார்கள். ஆ இரண்டாவது செட்டில் நொண்டிக்கொண்டு வெளியேறினால், முதல் வகைக் கடையில் அ மேல் கட்டியவர் ஜெயிப்பார். இரண்டாவது வகையில் முதல்தான் திரும்பும். ஆகவே காயம் பற்றிய பேச்சு உலவும்போது இரண்டாவது கடையில் அ-வின் விலை அதிகமாக இருப்பதுதான் நியாயம். பெயர் ஒன்றாக இருந்தாலும் இரண்டு கடைகளும் விற்பது இரண்டு வெவ்வேறு சரக்கு. விதிப் பக்கத்தைப் படிக்காதவருக்கு அது ஆறிப்போன விலை போலவே தெரியும்.

ஸ்டீமும் பொய்யாக இருக்கலாம். வால்டர்ஸ் இந்த வித்தைக்குப் பேர்போனவர்: தனக்கு வேண்டாத பக்கம் முதலில் கொஞ்சம் கட்டி விலையைத் தள்ளிவிடுவார். பின்னால் ஓடிவருபவர்கள் இன்னும் தள்ளுவார்கள். விலை நன்றாகக் கனிந்ததும், உண்மையில் வேண்டிய பக்கம் பெருந்தொகை இறக்குவார். விலை திரும்பிப் பாயும். முதல் பாய்ச்சலை நம்பியவர் எதிர்ப்பக்கம் மாட்டிக்கொள்வார். இதை முழுதாகக் கண்டுகொள்ள வழியில்லை. ஆனால் நேரம் ஒரு துப்பு. முதல் நாள் இரவு விலை திறக்கும்போது கடைகள் சிறு தொகைதான் ஏற்கும். அப்போது விலையை நகர்த்தச் சில நூறு டாலர் போதும். ஆட்டம் தொடங்கும் நேரத்தில் வரம்பு பெரிது, நகர்த்தப் பெரும் பணம் வேண்டும். பொய்க்காக அதைச் செலவழிப்பவர் குறைவு. கால் மணி நேரம் காத்திருந்து, விலை நிலைக்கிறதா திரும்புகிறதா என்று பார்ப்பது இன்னொரு வழி. சிக்கல் என்னவென்றால், அந்தக் கால் மணி நேரத்தில் நம் சிறிய கடையும் விழித்துக்கொள்ளும்.

பந்தயம் சட்டபூர்வமான பிரிட்டன் போன்ற நாடுகளின் கதை இது. இந்தியாவில் 2025இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டம், பணம் கட்டும் ஆன்லைன் ஆட்டங்களையே தடை செய்துவிட்டது. ஆனால் அனுமதி உள்ள நாட்டிலும் இந்த வழியில் நெடுந்தூரம் போக முடியாது. 2017இல் லிசாண்ட்ரோ கவுனிட்ஸ் என்ற டோக்கியோ பல்கலைக்கழக ஆய்வாளரும் இரண்டு சகாக்களும் ஓர் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார்கள். கால்பந்துக்குத் தனியாக எந்தக் கணிப்பும் செய்யாமல், பல புக்மேக்கர்களின் சராசரி விலையிலிருந்து ஒருவர் மட்டும் துருத்திக்கொண்டிருக்கிறாரா என்று பார்த்துக் கட்டுவது அவர்கள் முறை. ஐந்து மாதங்கள் சொந்தப் பணத்தில், ஆட்டத்துக்கு 50 டாலர் வீதம் கட்டி லாபமும் பார்த்தார்கள். சில மாதங்களிலேயே நிறுவனங்கள் அவர்கள் கட்டக்கூடிய தொகையைக் குறைக்கத் தொடங்கின.

எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்? கடைக்காரர் பார்ப்பது உங்கள் வெற்றி தோல்வியை மட்டும் அல்ல. நீங்கள் வாங்கிய விலையையும், ஆட்டம் தொடங்கும்போது இருந்த கடைசி விலையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறார். நீங்கள் 2.05க்கு வாங்கிய சரக்கு 1.85இல் முடிகிறது. அடுத்தது 3.40க்கு வாங்கியது 3.00இல். இப்படிப் பத்துப் பதினைந்து முறை நடந்தால் போதும், நீங்கள் யார் என்று அவருக்குத் தெரிந்துவிடும். அதனால்தான் அந்தப் பதினைந்தில் பத்தைத் தோற்று, கையிருப்பும் கரைந்து நிற்கும் ஒருவர் அடுத்த பந்தயத்துக்குச் சீட்டைத் திறக்கும்போது, உச்ச வரம்பு இரண்டு பவுண்டு என்று திரையில் பார்த்துக் குழம்புகிறார்.