விடை தவறு, ஆனாலும் 5-க்கு 4 மதிப்பெண், எப்படி?

ஆரம் 7 செ.மீ., உயரம் 10 செ.மீ. உள்ள உருளையின் கன அளவு என்ன? விடை 1540 கன செ.மீ. படமெடுத்து அனுப்பிய தாளில் ஒரு மாணவி 1450 கன செ.மீ. என்று முடித்திருக்கிறாள். பூஜ்யம் போடுவீர்களா?

அச்சிட்ட விடைக்குறிப்பைப் பாருங்கள். அது மளிகைக் கடை ரசீது போல: ஒவ்வொரு வரிக்கும் தனி விலை. சூத்திரத்துக்கு 1, பிரதியிட்டதற்கு 1, சுருக்கியதற்கு 1, இறுதி எண்ணுக்கு 1, அலகுக்கு 1.

அவள் 22×7×10 வரை சரியாகச் சுருக்கியிருக்கிறாள். பெருக்கும்போது இலக்கங்கள் இடம் மாறிவிட்டன. ஒரு வரிக்கான விலை மட்டுமே போகும். ஆகவே 4. இதுதான் நியாயம்.

சரி, படத்தில் அலகு எழுதிய கடைசி வரி வெட்டுப்பட்டிருந்தால்? மதிப்பெண்ணைக் குறைக்காதீர்கள். மறுபடி படமெடுக்கச் சொல்லுங்கள். தெரியாத வரி, எழுதாத வரி ஆகிவிடாது.

கூட்டும்போது இன்னொரு சிக்கல். ஒரே பக்கம் இரு முறை படமாகியிருக்கும். ஒரு விடை இரு பக்கங்களில் பிரிந்திருக்கும். படம் படமாகக் கூட்டினால் 4 சத்தமில்லாமல் 8 ஆகும். எனவே வினா எண்வாரியாகக் கூட்டுங்கள். எந்த வினாவிலாவது உச்ச மதிப்பெண் 5-ஐத் தாண்டினால், அந்தப் படங்களை மீண்டும் விரித்துப் பாருங்கள்.