போன் இன்னும் பழைய பாஸ்வேர்டைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறது

அலுவலகத்தில் பாஸ்வேர்டை மாற்றச் சொல்லிக் கடிதம் வருகிறது. கணினியில் மாற்றுகிறீர்கள். மறுநாள் காலை மடிக்கணினி எந்தத் தொல்லையும் இல்லாமல் வைஃபையில் சேர்ந்துவிடுகிறது. கையில் இருக்கும் போன் மட்டும் சேர மறுக்கிறது. புதிய பாஸ்வேர்டை நிதானமாக, எழுத்தெழுத்தாக அடித்தாலும் அதே பதில்தான். பெரும்பாலோர் இந்த இடத்தில் புதிய பாஸ்வேர்டையே சந்தேகித்து, அதை இன்னொரு முறை மாற்றுகிறார்கள். அதனால் சிக்கல் தீருவதில்லை, கூடத்தான் செய்கிறது.

வீட்டு வைஃபைக்கு ஒரே ஒரு பாஸ்வேர்டுதான். வீட்டில் எல்லோரும் அதையே போடுகிறோம், ரௌட்டரே அதைச் சரிபார்த்துவிடுகிறது. அலுவலகத்தில் ஒவ்வொருவருக்கும் தனிப் பயனர் பெயர், தனி பாஸ்வேர்டு. மேற்கூரையில் பொருத்தியிருக்கும் வெள்ளைப் பெட்டிக்கு உங்கள் பாஸ்வேர்டு தெரியாது. போன் சொல்வதை வாங்கி, சர்வர் அறையில் இருக்கும் ரேடியஸ் சர்வருக்கு அனுப்புவதோடு அதன் வேலை முடிந்தது. ரேடியஸ் சர்வர், ஊழியர்களின் கணக்குகள் இருக்கும் ஆக்டிவ் டைரக்டரியிடம் கேட்டு, விடலாமா கூடாதா என்று முடிவு சொல்கிறது. வைஃபை அமைப்புகளில் WPA2-Enterprise என்றோ WPA3-Enterprise என்றோ பார்த்தால், உங்கள் அலுவலகத்தில் இந்த ஏற்பாடுதான் என்று புரிந்துகொள்ளலாம்.

போன் பாஸ்வேர்டைப் பற்றிப் பேசுவதற்கு முன்பே ஒரு கட்டம் இருக்கிறது. முதலில் ரேடியஸ் சர்வர் தன்னுடைய சான்றிதழைப் போனுக்குக் காட்ட வேண்டும். வங்கியிலிருந்து வருகிறேன் என்று வாசலில் நிற்பவரிடம் முதலில் அடையாள அட்டை கேட்பதைப் போன்றது இது. போன் அந்தச் சான்றிதழை ஏற்றுக்கொண்டால்தான் இரண்டுக்கும் நடுவே மறையாக்கப்பட்ட பாதை ஒன்று உருவாகும். பாஸ்வேர்டுச் சோதனை அந்தப் பாதைக்குள்தான் நடக்கும். சான்றிதழ் ஏற்கப்படாவிட்டால் பேச்சு அங்கேயே முறிந்துவிடும். நீங்கள் அடித்த புதிய பாஸ்வேர்டு போனை விட்டு வெளியே போயிருக்கவே போயிருக்காது. ஆனால் திரையில் வருவதோ, இணைக்க முடியவில்லை அல்லது பாஸ்வேர்டைச் சரிபாருங்கள் என்ற பொதுவான வரி மட்டுமே. இந்த வரியை நம்பித்தான் பலர் தவறான இடத்தில் தேடுகிறார்கள்.

போன் முதன்முதலில் சேர்ந்த நாளில் பயனர் பெயர், பாஸ்வேர்டு, ஏற்றுக்கொண்ட சான்றிதழ் ஆகிய மூன்றையும் சேர்த்து ஒரு புரொஃபைலாகச் சேமித்துக்கொண்டது. நீங்கள் கணினியில் பாஸ்வேர்டை மாற்றியதைப் போனுக்கு யாரும் சொல்வதில்லை. அலுவலக வாசலுக்குள் நுழைந்ததும் அது பழையதையே சொல்லிச் சேரப் பார்க்கிறது. மடிக்கணினிக்கு இந்தச் சிக்கல் வராததற்குக் காரணம், அலுவலகம் தந்த விண்டோஸ் கணினிகள் பெரும்பாலும் நீங்கள் உள்ளே நுழைய அடிக்கும் பாஸ்வேர்டையே வைஃபைக்கும் எடுத்துக்கொள்வதுதான்.

சான்றிதழும் நிரந்தரமானதல்ல. பொதுச் சான்றிதழ் நிறுவனங்களிடம் வாங்கும் சர்வர் சான்றிதழின் ஆயுள் 2020 செப்டம்பரிலிருந்து அதிகபட்சம் 398 நாள் என்று இருந்தது. 2026 மார்ச் 15 முதல் வழங்கப்படுபவற்றுக்கு அது 200 நாளாகக் குறைகிறது, 2029 மார்ச்சில் 47 நாளாகிவிடும். ரேடியஸ் சர்வருக்கு இப்படிப்பட்ட சான்றிதழை வாங்கிப் போட்டிருக்கும் அலுவலகத்தில், அது புதுப்பிக்கப்படும் ஒவ்வொரு முறையும் சில போன்கள் மறுபடி கேள்வி கேட்கும், சில சத்தமில்லாமல் விலகி நிற்கும். பாஸ்வேர்டு மாற்றமும் சான்றிதழ் மாற்றமும் ஒரே வாரத்தில் வந்துவிட்டால் எது காரணம் என்று பிரித்துப் பார்ப்பது கடினம்.

சென்னையில் ஓர் அலுவலகத்தின் கணக்குப் பிரிவில் நடப்பதாக இதை வைத்துக்கொள்வோம். அங்கே வேலை பார்க்கும் அம்மையார் திங்கட்கிழமை பாஸ்வேர்டை மாற்றுகிறார். செவ்வாய் காலை அவருடைய ஆண்ட்ராய்டு போன் சேரவில்லை. வைஃபை அமைப்பில் போய்ப் பாஸ்வேர்டை மட்டும் திருத்துகிறார், அப்போதும் சேரவில்லை. பதினோரு மணிக்கு மடிக்கணினியில் மின்னஞ்சலும் பாஸ்வேர்டு கேட்கத் தொடங்குகிறது. சரியானதைத்தான் போடுகிறார், ஏற்கவில்லை. கணினிப் பிரிவுக்கு போன் செய்தால், "உங்க அக்கவுண்ட் லாக் ஆயிருக்கு மேடம், எடுத்துவிடுறேன்" என்கிறார்கள். எடுத்துவிட்டு அரை மணி நேரம் போவதற்குள் மறுபடி பூட்டிக்கொள்கிறது.

தவறான பாஸ்வேர்டு இத்தனை முறை வந்தால் கணக்கைப் பூட்டிவிடு என்று அலுவலகங்கள் ஒரு வரம்பு வைத்திருக்கும். ஐந்தோ பத்தோ, அது நிர்வாகியின் முடிவு. மனிதர் ஒருவர் ஐந்து முறை தவறாக அடிக்க நேரமாகும். பையில் கிடக்கும் ஒரு கருவி, வைஃபை எல்லைக்குள் வரும்போதெல்லாம் யாரையும் கேட்காமல் முயன்று அந்த எண்ணிக்கையைச் சீக்கிரம் தாண்டிவிடும்.

கணக்கு பூட்டப்பட்டால் ஆக்டிவ் டைரக்டரி சர்வரின் பதிவேட்டில் 4740 என்ற எண்ணோடு ஒரு நிகழ்வு பதிவாகும். அதில் எந்த இயந்திரத்திலிருந்து வந்தது என்று பார்த்தால், பெரும்பாலும் ரேடியஸ் சர்வரின் பெயர்தான் இருக்கும். ஏனென்றால் போனுக்காகப் போய்க் கேட்டது அதுதான். ஆகவே அடுத்து ரேடியஸ் சர்வரின் பதிவேட்டுக்குப் போக வேண்டும். அது மைக்ரோசாஃப்டின் என்பிஎஸ் என்றால், மறுக்கப்பட்ட ஒவ்வொரு முயற்சியும் 6273 என்ற எண்ணில் இருக்கும், காரணக் குறியீட்டோடு. குறியீடு 16 என்றால் பயனர் பெயரோ பாஸ்வேர்டோ பொருந்தவில்லை என்று பொருள். அதே பதிவில் Calling Station Identifier என்ற வரியில் முயன்ற கருவியின் மேக் முகவரி இருக்கும்.

அம்மையாரின் போனில் அந்த வைஃபைக்கு என்ன மேக் முகவரி என்று பார்த்து ஒப்பிடுகிறார்கள். இன்றைய போன்கள் ஒவ்வொரு வைஃபைக்கும் வேறு வேறு முகவரியைக் காட்டுவதால், அந்த வைஃபையின் விவரப் பக்கத்தில் இருப்பதைத்தான் எடுக்க வேண்டும். பதிவேட்டில் 16 என்ற குறியீட்டோடு வரிசையாக நிற்கும் முகவரி இந்தப் போனுடையது அல்ல. தேடிப் பார்த்தால், மேசை இழுப்பறையில் அவர் வைத்திருந்த பழைய டேப்லெட்! கணக்கைப் பூட்டியது அது. கையிலிருக்கும் போனின் பெயரிலோ பாஸ்வேர்டு தவறு என்று ஒரு பதிவுகூட இல்லை. அதாவது அந்தப் போன் பாஸ்வேர்டுக் கட்டத்துக்கே வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை புதுப்பிக்கப்பட்ட சான்றிதழைப் பார்த்து வாசலிலேயே நின்றுவிட்டது. அதனால்தான் பாஸ்வேர்டை மட்டும் திருத்தியது பலிக்கவில்லை.

சரிசெய்யும்போது வரிசை முக்கியம். உங்கள் கணக்கு எந்தெந்தக் கருவியில் இருக்கிறதோ அத்தனையிலும் முதலில் வைஃபையை அணையுங்கள். கணக்கு பூட்டியிருந்தால் திறக்கச் சொல்லுங்கள். பிறகு மொபைல் டேட்டாவிலேயே பிரவுசரில் அலுவலக மின்னஞ்சலைப் புதிய பாஸ்வேர்டால் திறந்து பாருங்கள். அதே கணக்குதான் அதற்கும் என்றால், திறந்ததும் பாஸ்வேர்டின் மீதிருக்கும் சந்தேகம் தீர்ந்தது. அதன் பிறகுதான் போனில் அலுவலக வைஃபையின் விவரப் பக்கத்துக்குப் போய், ஐபோனில் Forget This Network, ஆண்ட்ராய்டில் Forget என்பதைத் தொட வேண்டும். மூன்றும் ஒன்றாக அழியும். போனின் தேதியும் நேரமும் சரியாக இருக்கின்றனவா என்றும் ஒரு முறை பாருங்கள். தேதி பிசகினால் செல்லுபடியாகும் சான்றிதழும் காலாவதியானதாகத் தெரியும்.

அலுவலகமே நிர்வகிக்கும் போனாக இருந்தால் புரொஃபைலை அழிக்க உங்களுக்கு அனுமதி இருக்காது. அதைக் கணினிப் பிரிவுதான் புதுப்பித்து அனுப்ப வேண்டும்.

மறுபடி சேரும்போது ஐபோன், பயனர் பெயரையும் பாஸ்வேர்டையும் வாங்கிக்கொண்டு சான்றிதழைத் திரையில் காட்டும். மேலே Trust என்ற சொல் இருக்கும். ஆண்ட்ராய்டில் நீங்களே சிலவற்றை நிரப்ப வேண்டியிருக்கும். அலுவலகங்களில் மிகப் பரவலான அமைப்பில் EAP method என்பதற்கு PEAP, Phase 2 என்பதற்கு MSCHAPV2. CA certificate என்ற இடத்தில், பொது நிறுவனச் சான்றிதழாக இருந்தால் Use system certificates என்பதைத் தேர்ந்து, Domain என்ற இடத்தில் அலுவலகம் சொல்லும் பெயரைப் போட வேண்டும். ஆண்ட்ராய்டு 13 முதல், முதல் முறை வரும் சான்றிதழைக் காட்டி உங்களிடம் கேட்டுவிட்டு நினைவில் வைத்துக்கொள்ளும் Trust on First Use என்ற வழியும் உண்டு. Identity என்ற இடத்தில் உங்கள் பயனர் பெயர். Anonymous identity என்பதை, அலுவலகம் எதுவும் சொல்லவில்லை என்றால், காலியாக விடலாம்.

பல அலுவலகங்களில் இன்னும் சுற்றிக்கொண்டிருக்கும் பழைய வழிகாட்டிக் குறிப்புகள் CA certificate என்ற இடத்தில் Do not validate என்று போடச் சொல்கின்றன. 2020 டிசம்பர் புதுப்பிப்பில் கூகுள் தன் பிக்ஸல் போன்களிலிருந்து அந்தத் தேர்வை நீக்கிவிட்டது, மற்ற போன்களிலும் அது மறைந்துவருகிறது. உங்கள் போனில் இன்னும் இருந்தாலும் தொடாதீர்கள். அதைத் தேர்ந்தால் யார் எந்தச் சான்றிதழைக் காட்டினாலும் போன் பேசத் தொடங்கிவிடும். உங்கள் அலுவலக வைஃபையின் பெயரையே வைத்து எதிர்த் தேநீர்க் கடையில் ஒருவர் ஒரு சிறு கருவியை இயக்கினால், போன் அதனிடமும் போய்ச் சேரப் பார்க்கும். MSCHAPV2 பாஸ்வேர்டை அப்படியே அனுப்புவதில்லை, அதிலிருந்து கணக்கிட்ட விடையைத்தான் அனுப்புகிறது என்பது உண்மை. ஆனால் அந்த விடையை ஒரு நாளைக்குள் உடைக்கலாம் என்று 2012 டெஃப்கான் மாநாட்டில் மாக்சி மார்லின்ஸ்பைக்கும் டேவிட் ஹல்டனும் காட்டிவிட்டார்கள். பாஸ்வேர்டு எவ்வளவு நீளம் என்பதுகூட அந்த முறைக்குப் பொருட்டில்லை. சான்றிதழ்ச் சோதனை ஒன்றுதான் மிச்சமிருக்கும் காவல். வெளியே போவது வைஃபை பாஸ்வேர்டு மட்டுமல்ல, மின்னஞ்சலையும் சம்பளச் சீட்டையும் திறக்கும் அதே பாஸ்வேர்டு.

எனவே Trust என்பதைத் தொடும் அந்த ஒரு நொடிதான் இந்த வேலையிலேயே கவனம் கேட்பது. அப்போது அலுவலகத்துக்குள் இருங்கள். சான்றிதழில் உள்ள சர்வர் பெயரையும், விவரப் பகுதியில் இருக்கும் SHA-256 கைரேகையின் முதல் சில எழுத்துகளையும் கடைசி எழுத்துகளையும் கணினிப் பிரிவு தந்த தகவலோடு ஒப்பிடுங்கள். அப்படி ஒரு தகவல் கையில் இல்லையென்றால் கேட்டு வாங்குங்கள். கேட்கும் உரிமை உங்களுக்கு உண்டு.

கணினிப் பிரிவில் இருப்பவர்களிடம் ஒரு வேண்டுகோள். "எது வந்தாலும் டிரஸ்ட் கொடுத்துருங்க" என்று சொல்லிப் பழக்காதீர்கள். பாஸ்வேர்டு மாற்றச் சொல்லி அனுப்பும் கடிதத்திலேயே, ரேடியஸ் சர்வரின் பெயர், சான்றிதழின் கைரேகை, அது அடுத்து மாறப்போகும் தேதி ஆகியவற்றையும், மாற்றுவதற்கு முன் எல்லாக் கருவிகளிலும் பழைய புரொஃபைலை அழிக்கச் சொல்லும் ஒரு வரியையும் சேர்த்துவிடுங்கள்.