வாடிக்கையாளர் கையில் நம் கடை: ஆப் வேண்டுமா, இணையப் பக்கம் போதுமா?

நம் பகுதியில் சிறு கடை நடத்தும் சகோதரர்கள் பலரும் இப்போது கேட்கும் கேள்வி ஒன்றுதான். "கடைக்கென்று தனியாக ஒரு மொபைல் ஆப் செய்து கொள்ளலாமா? அல்லது போனில் நன்றாகத் தெரிகிற ஓர் இணையதளம் போதுமா?" ஆப் செய்து தருகிறோம் என்று வருகிறவர்கள் சொல்லும் தொகை சிறு கடைக்குச் சின்னத் தொகை அல்ல. கைமாற்று வாங்கியோ நகையை அடகு வைத்தோ அந்தப் பணத்தைக் கொடுப்பதற்கு முன், நம் கடைக்கு உண்மையில் எது வேண்டும் என்று உட்கார்ந்து கணக்குப் பார்க்க வேண்டும். எல்லாக் கடைக்கும் ஒரே பதில் கிடையாது. அதனால் நமக்கெல்லாம் தெரிந்த ஓர் ஆட்டிறைச்சிக் கடையை உதாரணமாக எடுத்துக்கொண்டு பார்ப்போம்.

கடைக்குத் தேவை என்ன?

அந்தக் கடைக்கு 150 வாடிக்கைக் குடும்பங்கள் என்று வைத்துக்கொள்வோம். பெரும்பாலோர் வாரத்தில் ஒருநாள், ஞாயிற்றுக்கிழமை கறி வாங்குகிறவர்கள். அவர்களில் 60 குடும்பங்கள் சனிக்கிழமை இரவே போனில் சொல்லி வைக்கிறார்கள். ஒரு வீட்டுக்குச் சராசரியாக முக்கால் கிலோ என்றால் 45 கிலோ. ஓர் ஆட்டில் சுமார் 10 கிலோ கறி தேறும் என்று கொண்டால் ஐந்து ஆடு அறுக்க வேண்டும். கணக்கு ஓர் ஆடு கூடிப் போனால் 10 கிலோ கறி மிஞ்சும். குறைந்து போனால், சொல்லி வைத்தவரே வெறுங்கையோடு திரும்புவார்.

தொந்தரவு எங்கே வருகிறது? கத்தி பிடித்த கையால் போனை எடுக்க முடியாது. எடுத்தாலும் இரைச்சலில் "எலும்பில்லாமல்" என்பது "எலும்போடு" என்று காதில் விழுகிறது. ஆகவே இந்தக் கடைக்கு வேண்டியவை மூன்றுதான். இன்றைய விலை வாடிக்கையாளருக்குத் தெரிய வேண்டும். எந்தக் கறி, எத்தனை கிலோ, என்ன துண்டு, எத்தனை மணிக்கு என்பது எழுத்தில் வந்து சேர வேண்டும். சனி இரவு 9 மணிக்குள் மொத்தக் கணக்கு கடைக்காரர் கையில் இருக்க வேண்டும். இந்த மூன்றையும் எது குறைந்த செலவில், குறைந்த சிரமத்தில் செய்யும் என்பதே நம் கேள்வி.

ஆப் என்றால் என்னென்ன வரும்?

ஆப் என்பது வாடிக்கையாளர் தம் போனில் இறக்கி வைத்துக்கொள்ள வேண்டிய ஒன்று. தினமும் பயன்படுத்துவதை யாரும் வைத்திருப்பார்கள். வாரத்துக்கு ஒருமுறை கறி சொல்வதற்கு மட்டும் ஓர் ஆப்பை, இடம் நிரம்பிப் போன போனில் எத்தனை வீட்டில் வைத்திருப்பார்கள் என்று யோசிக்க வேண்டும். "ஆப் இருந்தால் எல்லோருக்கும் அறிவிப்பு அனுப்பலாம்" என்று சொல்வார்கள். ஆண்ட்ராய்டு 13 முதல், வாடிக்கையாளர் அனுமதி கொடுத்தால்தான் ஆப் அறிவிப்புக் காட்ட முடியும். ஐபோனிலும் அப்படித்தான்.

செலவும் ஒருமுறையோடு முடிவதில்லை. கூகுள் பிளே ஸ்டோரில் கணக்குத் தொடங்க ஒருமுறை 25 டாலர் கட்ட வேண்டும். ஆப்பிளுக்கு ஒவ்வோர் ஆண்டும் 99 டாலர். பிளே ஸ்டோரில் புதிதாகத் தனிநபர் கணக்குத் தொடங்குகிறவர், குறைந்தது 12 பேரிடம் ஆப்பைக் கொடுத்துத் தொடர்ந்து 14 நாள் சோதித்துக் காட்டிய பிறகே எல்லோருக்கும் திறந்துவிட விண்ணப்பிக்க முடியும். அது முடிந்தாலும், புதிய ஆண்ட்ராய்டுக்கு ஏற்ப ஆப்பை அவ்வப்போது புதுப்பிக்க வேண்டும் என்பது கூகுளின் விதி. புதுப்பிக்காமல் விட்டால், புதுப் போன் வாங்கிய வாடிக்கையாளர் தேடும்போது ஸ்டோரில் அந்த ஆப் தெரியாமல் போய்விடும். செய்து கொடுத்தவர் அதற்குள் வேறு வேலைக்குப் போயிருந்தால், போட்ட பணம் அங்கேயே நிற்கும்.

ஒரு பயத்தை மட்டும் விட்டுவிடலாம். கறி, மளிகை, துணி போன்ற பொருள்களின் விற்பனையில் கூகுளும் ஆப்பிளும் தங்கள் ஸ்டோர் கமிஷனை எடுப்பதில்லை. அந்தக் கமிஷன் ஆப்புக்குள்ளேயே பயன்படும் விளையாட்டு, பாட்டு, சந்தா போன்றவற்றுக்கு உரியது.

இணையப் பக்கத்தில் இதை எப்படிச் செய்வது?

நம் உதாரணக் கடைக்கு ஒரே ஒரு பக்கம் போதும். அதில் பன்னிரண்டு வரி இருக்கும்: எலும்போடு, எலும்பில்லாதது, நெஞ்செலும்பு, கைமா, ஈரல், தலை, கால், குடல் என்று. ஒவ்வொன்றுக்கும் எதிரே விலையும், அளவு எழுத ஒரு கட்டமும். கீழே பெயர், தெரு, வாங்க வரும் நேரம். கடைசியில் "வாட்ஸ்அப்பில் அனுப்பு" என்று ஒரு பெரிய பொத்தான். அதைத் தொட்டால், நிரப்பிய விவரமெல்லாம் ஒரே செய்தியாகக் கடையின் வாட்ஸ்அப்பில் எழுதி நிற்கும். இதற்குப் பயன்படும் இணைப்பு இந்த வடிவில் இருக்கும்:

```
https://wa.me/91XXXXXXXXXX?text=...
```

எண்ணுக்கு முன் 91 மட்டும் வர வேண்டும். கூட்டல் குறியோ பூஜ்ஜியமோ சேர்க்கக் கூடாது.

விலையைப் பக்கத்துக்குள் எழுதி வைத்தால், ஒவ்வொரு முறை மாற்றவும் செய்து கொடுத்தவரைத் தேட வேண்டியிருக்கும். கூகுள் ஷீட் ஒன்றில் பொருள், விலை, இருப்பு என்று மூன்று பத்தி போட்டு, பக்கம் அதிலிருந்து விலையை எடுத்துக்கொள்ளும்படி செய்யச் சொல்லுங்கள். கடைக்காரர் தம் போனிலேயே எண்ணை மாற்றினால் சில நிமிடங்களில் பக்கத்திலும் மாறிவிடும். ஆனால் அந்த ஷீட் பொதுவில் திறந்திருப்பது. வாடிக்கையாளரின் பெயரையோ போன் எண்ணையோ கடன் பாக்கியையோ அதில் ஒருபோதும் எழுதக் கூடாது. அதற்குத் தனி நோட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

ஒவ்வொரு முறையும் முகவரி தட்ட வேண்டுமே என்ற கவலையும் வேண்டாம். ஆண்ட்ராய்டு போனில் குரோமின் மூன்று புள்ளியைத் தொட்டால் Add to Home screen என்று வரும். ஐபோனில் சஃபாரியின் பகிர் பொத்தானுக்குள் Add to Home Screen இருக்கும். அதைத் தொட்டால் கடையின் படம் ஆப் போலவே முகப்பில் வந்து உட்கார்ந்துகொள்ளும். கடைக்கு வருகிறவரின் போனில் இதைச் செய்து கொடுக்க ஒரு நிமிடம் போதும்.

சனிக்கிழமை நினைவூட்டலுக்கு வாட்ஸ்அப் பிராட்காஸ்ட் பட்டியல் இருக்கிறது. ஒரு பட்டியலில் 256 பேர் வரை சேர்க்கலாம். 150 குடும்பம் அதற்குள் அடங்கும். கடை எண்ணைத் தங்கள் போனில் பதிந்து வைத்திருப்பவர்களுக்கு மட்டுமே அந்தச் செய்தி போய்ச் சேரும். ஆகவே முதலில் எண்ணைப் பதியச் சொல்லுங்கள்.

எங்கே தவறும்?

முதலாவது, அனுப்பாத செய்தி. பொத்தானைத் தொட்டால் வாட்ஸ்அப்பில் செய்தி எழுதி நிற்குமே தவிர, தானாகப் போகாது. அங்கே அனுப்பும் குறியையும் தொட வேண்டும். பாதிப் பேர் பொத்தானோடு முடிந்தது என்று நினைத்துவிடலாம். "நேற்றே சொன்னேனே" என்று அவர்கள் வந்து நிற்பார்கள்; கடைப் போனில் ஒன்றும் இருக்காது. பக்கத்திலேயே "கடையிலிருந்து 'சரி' என்று பதில் வந்தால்தான் ஆர்டர் உறுதி" என்று பெரிதாக எழுதிவிட வேண்டும்.

இரண்டாவது, எண்ணிக்கைக்கு உட்பட்ட பொருள். ஐந்து ஆட்டுக்கு ஐந்து தலை, இருபது கால்தான். ஆறு வீட்டார் தலை கேட்டால் இந்தப் பக்கம் தானாகத் தடுக்காது. தலை ஐந்தும் உறுதியானதும் ஷீட்டில் இருப்பைப் பூஜ்ஜியமாக்கிவிட வேண்டும். 'சரி' என்ற பதிலை வந்த வரிசைப்படி கொடுத்தால் மனத்தாங்கல் வராது.

மூன்றாவது, பழைய விலை. சில போன்கள் முன்பு திறந்த பக்கத்தையே காட்டும். பக்கத்தின் உச்சியில் "இந்த விலை இன்ன தேதிக்கு" என்று தேதி தெரிந்தால், பழையது எது என்று இரு தரப்புக்கும் விளங்கும்.

நான்காவது, போனுக்கு ஏற்றது என்று சொல்லிவிட்டு அப்படிச் செய்யாமல் இருப்பது. செய்து கொடுத்தவரின் விலை உயர்ந்த போனில் பார்த்துத் திருப்தி அடையாதீர்கள். வீட்டில் உம்மா வைத்திருக்கும் பழைய போனில் திறந்து பாருங்கள். விரலால் இழுத்துப் பெரிதாக்காமல் எழுத்தைப் படிக்க முடிகிறதா? அளவுக் கட்டத்தைத் தொட்டால் எண் பலகை வருகிறதா? ஒரு கையின் கட்டைவிரலால் ஆர்டரை முடிக்க முடிகிறதா? எழுத்து எறும்பு போலத் தெரிந்தால், பெரும்பாலும் பக்கத்தில் இந்த ஒரு வரி விட்டுப் போயிருக்கும்:

```
<meta name="viewport" content="width=device-width, initial-scale=1">
```

மூன்று ஆண்டுக் கணக்கு

உங்களுக்குச் சொல்லப்படும் தொகையை வைத்து இப்படிக் கணக்குப் போடுங்கள். இங்கே உள்ள தொகைகள் உதாரணத்துக்காக மட்டும். பக்கம் செய்ய 8,000 ரூபாய், டொமைன் பெயருக்கு ஆண்டுக்கு 1,000 என்றால் மூன்று ஆண்டில் 11,000. ஆப் செய்ய 60,000, பிளே ஸ்டோர் கட்டணம் சுமார் 2,200, அடுத்த இரு ஆண்டும் புதுப்பிக்க 10,000 வீதம் என்றால் 82,200. ஐபோனுக்கும் வேண்டுமென்றால் இன்னும் கூடும். வாரம் 60 ஆர்டர் வீதம் மூன்று ஆண்டில் 9,360 ஆர்டர். அத்தனையும் இதன் வழியே வந்தாலும், பக்கத்துக்கு ஓர் ஆர்டருக்கு ஒன்றேகால் ரூபாய்க்குள் செலவு. ஆப்புக்கு ஒன்பது ரூபாய்க்குச் சற்றுக் குறைவு. பாதி வீட்டார் பழையபடி போனிலேயே சொன்னால் இந்தச் செலவு இரட்டிப்பாகும். முக்கால் கிலோ கறியில் அந்த ரூபாயைத் தாங்கும் லாபம் இருக்கிறதா என்று கடைக்காரருக்குத்தான் தெரியும்.

ஆப் யாருக்குச் சரி?

வாடிக்கையாளர் தினமும் திறக்கும் தொழிலுக்கு ஆப் பொருந்தும். வீடு வீடாகப் பால், தண்ணீர் கேன் போட்டு "நாளைக்கு வேண்டாம்" என்று தினம் மாற்றுகிற தொழில் ஓர் உதாரணம். வண்டி எங்கே வருகிறது என்று காட்ட வேண்டியவர்களுக்கும், மூன்று நான்கு கிளை உள்ளவர்களுக்கும் அது தேவைப்படலாம். மற்றவர்கள் முதலில் பக்கத்தை மூன்று மாதம் ஓட்டிப் பார்க்கலாம். பாதிக்கு மேல் ஆர்டர் அதில் வந்து, பக்கத்தால் முடியாத ஒன்றை வாடிக்கையாளரே கேட்கத் தொடங்கினால் அப்போது ஆப்பைப் பற்றிப் பேசலாம்.

எதைச் செய்தாலும், பணம் கொடுக்கும் முன் ஒன்றை உறுதி செய்துகொள்ளுங்கள். டொமைன் பெயர், கூகுள் ஷீட், பிளே ஸ்டோர் கணக்கு மூன்றும் கடைக்காரரின் சொந்த மின்னஞ்சலிலும் போன் எண்ணிலும் இருக்க வேண்டும். செய்து கொடுத்தவரின் பெயரில் இருந்தால், அவரோடு மனக்கசப்பு வந்த அன்று கடையின் பெயரே கைவிட்டுப் போகும். கடவுச்சொற்களை ஒரு தாளில் எழுதி, கடை உரிமம் இருக்கும் அதே உறையில் வைத்துவிடுங்கள்.