மேளம் நின்ற இடமும் 1915 கலவரமும்

திருவிழா ஊர்வலத்துக்கு எந்த வீதி, எத்தனை மணி, எவ்வளவு சத்தம் என்ற தகராறு வந்தால், “கொஞ்சம் விட்டுக்கொடுத்தால் என்ன?” என்று கேட்கிறோம். விட்டுக்கொடுப்பது ஏன் அவ்வளவு கடினம் என்பதைக் கம்பளை பெரஹரா வழக்கு காட்டுகிறது.

கம்பளை வல்லஹகொட தேவாலயத்தின் பெரஹரா அம்பகமுவ வீதியால் செல்வது வழக்கம். அந்த வீதியில் தென்னிந்தியாவிலிருந்து வந்த கரையோரச் சோனகர்களின் பள்ளிவாசல் இருந்தது. 1912இல், பள்ளிவாசலை அண்மிக்கும்போது மேளத்தை நிறுத்த வேண்டும் என்ற நிபந்தனையை அதிகாரிகள் விதித்தனர். தேவாலயத்தின் பஸ்நாயக்க நிலமே அதை ஏற்காமல் நீதிமன்றம் சென்றார்.

மேளச் சத்தம் குறித்து ஆராய்ந்த வரலாற்றாய்வாளர் மைக்கல் ரொபர்ட்ஸின் எழுத்துகள் இதைப் புரிந்துகொள்ள உதவுகின்றன. பெரஹராவில் மேளம் வெறும் பக்கவாத்தியம் அல்ல. அந்த ஒலியே ஒரு காணிக்கை. பள்ளிவாசலில் தொழுபவருக்கோ அமைதி தேவை. ஆங்கிலேய அதிகாரிக்கு அது அனுமதிப்பத்திரத்தால் கட்டுப்படுத்த வேண்டிய இரைச்சல். ஒரே சத்தத்துக்கு மூன்று அர்த்தங்கள்.

1914இல் கண்டி மாவட்ட நீதிமன்றம் தேவாலயத்துக்குச் சார்பாகத் தீர்ப்பளித்தது. பௌத்த மதச் சடங்குகளைப் பாதுகாப்பதாக 1815 கண்டி ஒப்பந்தத்தில் அளிக்கப்பட்ட வாக்குறுதியே அதற்கு ஆதாரம். 1915 பெப்ரவரியில் உயர் நீதிமன்றம் அத்தீர்ப்பை மாற்றியது. பின்னர் வந்த பொதுச் சட்டங்களே மேலானவை என்றது. அவ்வாண்டு மே மாத வெசாக் இரவில், கண்டி காசல்ஹில் வீதிப் பள்ளிவாசல் அருகே பக்திப் பாடல் ஊர்வலம் சென்றபோது மோதல் வெடித்தது. அது பல மாவட்டங்களில் முஸ்லிம்களுக்கு எதிரான கலவரமாகப் பரவியது.

அதற்கு ஊர்வலம் மட்டும் காரணமல்ல. யுத்தகால விலையேற்றமும் வியாபாரப் போட்டியும் இருந்ததைக் குமாரி ஜயவர்தன போன்றோர் எழுதியிருக்கிறார்கள். ஆனால் தீப்பொறி விழுந்த இடம் வீதிதான்.

இதில் எனக்கு முக்கியமாகப் படுவது ‘வழமை’ என்ற சொல். இத்தகைய தகராறுகளில் “இதுவரை என்ன நடந்தது?” என்பதுதான் முதல் கேள்வி. ஒரு வருடம் மேளத்தை நிறுத்தினால், அடுத்த வருடம் அதுவே வழமை என்று காட்டப்படலாம். ஒரு வருடம் மேளத்துக்கு இடம் கொடுத்தால் அதுவும் அப்படியே. ஆகவே இரு தரப்புக்கும் விட்டுக்கொடுப்பு என்பது ஓர் உரிமையை எழுதிக் கொடுப்பதாகவே தெரிகிறது. பிடிவாதம் என்று நாம் நினைப்பதில் ஒரு பகுதி இந்தப் பயம்.

அதனால் பொலிஸும் பிரதேச சபையும் திருவிழாவுக்கு முதல்நாள் சமாதானம் பேசுவது போதாது. பாதை, நேரம், சத்தம் மூன்றையும் பல வாரங்களுக்கு முன்பே எழுத்தில் உடன்பட வைக்க வேண்டும். “இவ்வருட ஏற்பாடு எவரது உரிமையையும் பாதிக்காது, அடுத்த வருடத்துக்கு முன்னுதாரணமும் ஆகாது” என்ற வரியும் அதில் இருக்க வேண்டும். அந்த ஒரு வரி இருந்தால் இறங்கி வருபவருக்கு எதையும் இழந்ததாகத் தோன்றாது.