இடுப்பு எலும்பு முறிவுக்குப் பின் வீட்டு மதிப்பீட்டு அறிக்கை

வீட்டு மதிப்பீட்டு அறிக்கை என்பது, இடுப்பு எலும்பு முறிவுக்கு அறுவை சிகிச்சை பெற்ற ஒருவர் தம் வீட்டில் விழாமல் நடமாட என்னென்ன மாற்றங்கள் தேவை என்பதைத் தொழில்வழிச் சிகிச்சையாளர் எழுதித் தரும் ஆவணமாகும். இங்கே 'தொழில்' என்பது படுக்கையிலிருந்து எழுதல், குளித்தல், கழிப்பறைக்குச் செல்லுதல் போன்ற அன்றாடச் செயல்களைக் குறிக்கிறது.

முதல் அளவு

அறிக்கை வீட்டை அளப்பதில் தொடங்குவதில்லை. நோயாளியை அளப்பதில் தொடங்குகிறது. பாதம் தரையில் பதிந்திருக்க, தரையிலிருந்து முழங்காலின் பின்மடிப்பு வரை உள்ள உயரமே முதல் அளவு. நோயாளி அமரும் இடங்கள் எல்லாம் இதைவிடச் சுமார் 5 செ.மீ. உயரமாக இருக்க வேண்டும்.

தொடை எலும்பின் தலைப்பகுதியை நீக்கிச் செயற்கை உறுப்புப் பொருத்தியவர்கள், அறுவை முறையைப் பொறுத்து, சில வாரங்களுக்கு இடுப்பைச் செங்கோணத்துக்கு மேல் மடக்கக் கூடாது என்று மருத்துவர் சொல்வதுண்டு. தாழ்வான இருக்கையில் அமர்ந்தால் முழங்கால் இடுப்பைவிட மேலே வந்துவிடும். அப்போது செயற்கை மூட்டு நழுவக்கூடும். தகடோ ஆணியோ வைத்து எலும்பைப் பொருத்தியவர்களுக்கு இக்கட்டுப்பாடு பொதுவாக இல்லை. ஆனாலும் தாழ்வான இடத்திலிருந்து எழ அவர்களும் சிரமப்படுவர். எனவே எந்த அறுவை சிகிச்சை நடந்தது என்பது அறிக்கையின் தொடக்கத்திலேயே குறிக்கப்படும்.

ஓர் எடுத்துக்காட்டு

செயற்கை உறுப்புப் பொருத்தப்பட்டு, வாக்கர் பிடித்து நடக்கும் 70 வயதுப் பெண் ஒருவரைக் கொள்வோம். அவருடைய முழங்கால் மடிப்பு உயரம் 42 செ.மீ. ஆகவே இருக்கைகளின் உயரம் 47 செ.மீ. ஆக வேண்டும்.

*கட்டில்:* மெத்தையில் ஒருவர் அமர்ந்து அது அமுங்கிய பிறகு அளந்தால் 38 செ.மீ. இருக்கிறது. கால்களுக்கு அடியில் 9 செ.மீ. உயர்த்த வேண்டும். செங்கல்லை அடுக்கினால் கட்டில் நகரும்போது சரியும். கட்டில் கால் உள்ளே இறங்கி நிற்கும்படி குழிவுள்ள மரக்கட்டைகளே பொருத்தம்.

*நாற்காலி:* சோபாவில் அமர்ந்தால் உடல் புதைகிறது. அதற்குப் பதிலாகக் கைப்பிடியும் கெட்டியான இருக்கையும் கொண்ட நாற்காலி பரிந்துரைக்கப்படுகிறது. எழும்போது நாற்காலியின் கைப்பிடியை அழுத்தி எழ வேண்டும். வாக்கரை இழுத்து எழுந்தால் அது கவிழ்ந்துவிடும்.

*கழிப்பறை:* கோப்பையின் உயரம் 40 செ.மீ. 10 செ.மீ. உயர்த்தும் இருக்கையை மேலே வைத்தால் 50 செ.மீ. ஆகிவிடும், பாதம் தரையில் சரியாகப் பதியாது. கால்களின் உயரத்தை மாற்றக்கூடிய கமோடு நாற்காலியை 47 செ.மீ.க்கு அமைத்துக் கோப்பைக்கு மேலே நிறுத்துவதே சரி. கதவின் அகலம் 55 செ.மீ., வாக்கரின் அகலம் 60 செ.மீ. என்பதால் வாக்கர் உள்ளே போகாது. எனவே கதவோரத்திலிருந்து இருக்கை வரை சுவரில் கைப்பிடிக் கம்பி தேவை. கதவு வெளிப்புறம் திறக்கும்படி மாற்றப்பட வேண்டும். உள்ளே விழுந்தவர் உள்நோக்கித் திறக்கும் கதவை அடைத்துக்கொண்டு கிடந்தால் உதவிக்கு யாரும் நுழைய முடியாது. இரவில் கமோடு நாற்காலியைக் கட்டில் அருகே வைத்துக்கொள்ளலாம்.

*வாசல்:* 15 செ.மீ. உயரமுள்ள இரண்டு படிகள். மொத்தம் 30 செ.மீ. சாய்தளத்துக்கு 1:12 என்பது பொதுவான சரிவு. அதன்படி 3.6 மீட்டர் நீளம் வேண்டும். வாசலில் இருப்பதோ 2 மீட்டர். இருக்கும் இடத்துக்குள் சாய்தளம் போட்டால் சரிவு கூடி, இறங்கும்போது வாக்கர் முன்னே ஓடும். இவர் நடக்கக்கூடியவர் என்பதால் சாய்தளம் விடப்பட்டு, படியின் இருபுறமும் கம்பி பரிந்துரைக்கப்படுகிறது. ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது அறுவை செய்த கால் முதலில். வாக்கரை உடன் வருபவர் எடுத்து வருவார். சக்கர நாற்காலியில் செல்பவராக இருந்தால் இந்த முடிவு மாறும்.

கம்பி பொருத்துதல்

கம்பி சுமார் 3.5 செ.மீ. தடிமனும், சுவரிலிருந்து 4 முதல் 5 செ.மீ. இடைவெளியும் கொண்டிருக்க வேண்டும். இடைவெளி அதிகமானால் கை வழுக்கும்போது முன்கை உள்ளே சிக்கும். ஓட்டிலோ பூச்சிலோ நிற்காமல், செங்கல் வரை ஆங்கர் போல்ட் இறங்க வேண்டும். துண்டு போடும் கம்பியும், காற்றழுத்தத்தில் ஒட்டும் கைப்பிடியும் உடல் எடையைத் தாங்கா.

சரிபார்த்தல்

மாற்றங்கள் முடிந்ததும் நோயாளி எழுந்து அமர்வதைச் சிகிச்சையாளர் நேரில் பார்ப்பார். முழங்கால் இடுப்பைவிட மேலே இருந்தால் இருக்கை இன்னும் தாழ்வு. பாதம் தொங்கினால் உயரம் அதிகம். குழாயையோ கதவையோ பிடித்து எழுந்தால் கம்பி தவறான இடத்தில் இருக்கிறது. கட்டுப்பாடுகளை மருத்துவர் தளர்த்தியபின் உயரங்கள் மீண்டும் மதிப்பிடப்படும். கட்டிலின் கட்டைகளை அப்போது எடுத்துவிடலாம், கம்பிகள் இருக்கலாம்.